பாவம் அந்தக் கடைக்காரர்

ஹட்டன் டவுனில் மகனுக்கு ஒரு பழைய கேம்பேட் வாங்கிக் கொடுத்தேன். லைட் எரிந்தது, கேமில் ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். "கடைக்காரர் ஏமாத்திட்டார் வாப்பா" என்று அவன் அழ, நானும் கோபத்தோடு திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

போகுமுன் Win+R அழுத்தி joy.cpl என்று அடித்துப் பார்த்தேன். பட்டியலில் இரண்டு கண்ட்ரோலர்கள்! கேம்பேடைக் கழற்றினேன், ஒன்று அப்படியே இருந்தது. கட்டாரில் இருக்கும் மச்சானின் மகனோடு விளையாடப் போட்ட ரிமோட் ப்ளே மென்பொருள் உருவாக்கிய பொய்க் கண்ட்ரோலர் அது.

விண்டோஸில் இந்த வகைக் கண்ட்ரோலர்களுக்கு 4 இடம்தான். கணினியைப் போட்டதும் அந்த மென்பொருள் தானாக ஓடி முதல் இடத்தைப் பிடித்திருக்கிறது. சில கேம்கள் முதல் இடத்தை மட்டும்தான் பார்க்கும். இடாப்பில் முதல் பெயரை மட்டும் கூப்பிட்டுவிட்டு, பதில் இல்லையென்று மூடிவைப்பது மாதிரி.

மென்பொருளின் ஜன்னலை மூடினால் போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஐகனில் முழுதாக நிறுத்தினேன். joy.cpl பட்டியல் வெறுமையானதும் கேம்பேடைச் செருகி, அதற்குப் பிறகே கேமைத் திறந்தேன். ஆள் ஓடினான்.

தானாகத் தொடங்குவதையும் நிறுத்தியாச்சு. கட்டாரோடு விளையாடும் நாளில் முதலில் கேம்பேட், பிறகுதான் அது. கடைக்காரரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நல்லவேளை, போகவில்லை.