பால் சொசைட்டியில கேட்ட பேச்சு

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் பால் ஊத்தப் போயிருந்தேன். வண்டி வர லேட்டு. ஒரு இருபது பேர் கேனை வெச்சுட்டு வேப்பமரத்தடியில நின்னுட்டு இருந்தோம். அப்பத்தான் எங்க ஊர் மருத்துவத் தன்னார்வலர் பையைத் தூக்கிட்டு வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா வந்து மாத்திரை கொடுக்குமே, அந்தப் பொண்ணுதான். மகளிர் குழுவுல இருந்து போன பொண்ணு. எனக்குத் தங்கச்சி முறை.

"அண்ணா, அக்கா எல்லாரும் அஞ்சு நிமிசம் காது கொடுங்க"ன்னு ஆரம்பிச்சுது.

"மாட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரி ஊசி போடறீங்க. மாடு வந்து எனக்கு நோவுன்னு சொல்லுச்சா? வந்தா கையை விட்டுப் போயிரும்னு தெரிஞ்சுதானே போடறீங்க. பிபியும் அப்படித்தான். தலை சுத்தும், தலை வலிக்கும், அப்பப் பாத்துக்கலாம்னு நெனைக்கறீங்க. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது. நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கி, வேலையும் செய்வாங்க. உள்ள ரத்தக்குழாய் கெட்டுட்டே இருக்கும். அதனால முப்பது வயசு தாண்டுன எல்லாரும், உடம்பு நல்லா இருந்தாலும், வருசத்துக்கு ஒருக்காப் பாத்துருங்க."

எனக்கு அப்பா ஞாபகம் வந்துருச்சு. ஒரு நாள் கூட ஆஸ்பத்திரி வாசல மிதிக்காத மனுசன். கடலைக்காட்டுல களை வெட்டிட்டு இருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு, வலது கை தூக்க முடியல. தூக்கிட்டுப் போய்ப் பாத்தப்ப பிபி 210. அதுக்கு முன்னாடி அவருக்கு யாரும் பாத்ததே இல்ல. நாலு வருசம் கட்டில்லயே கெடந்தார்.

அதனால முதல் ஆளாக் கையை நீட்டினேன். ரெண்டு கேனையும் தூக்கிட்டு வந்து, கடையில டீயும் குடிச்சுட்டு நின்னவன் நான். தங்கச்சி பட்டையைச் சுத்தவே இல்ல.

"இப்பப் பாத்தா மிஷின் தப்பாத்தான் காட்டும்ணா. டீ, பீடி, பாரம் தூக்கறது எல்லாம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆகணும். ஒண்ணுக்கு வந்தாப் போயிட்டு வந்துருங்க, அடக்கிட்டு உக்காந்தாலும் ஏத்தித்தான் காட்டும்"னுச்சு.

வண்டி வந்து பால் ஊத்தி முடிச்சப்புறம் சேர்ல சாஞ்சு உக்கார வெச்சுது. கால் ரெண்டும் தரையில, கால் மேல கால் கூடாது. சட்டைக் கையை மேல ஏத்திட்டு, முழங்கைக்கு மேல வெறுங்கையில பட்டை. கை நெஞ்சு உயரத்துக்கு வரணும்னு மேசை மேல வைக்கச் சொல்லுச்சு. அஞ்சு நிமிசம் பேச்சு மூச்சு இல்லாம இருந்தப்புறம் 152/96. ஒரு நிமிசம் விட்டு மறுபடி பாத்தா 148/94.

"140/90க்கு மேல இருக்குதுங்ணா. ஆனா ஒரு நாள் பாத்து பிபின்னு முடிவு பண்ணக் கூடாது. இன்னும் ரெண்டு நாள் பாப்போம். 180/110ன்னு காட்டியிருந்தா இன்னைக்கே உங்களை டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன்"னுச்சு.

அடுத்த வாரம் ரெண்டு நாள் பாத்தோம். 150/92, 146/94. அதை நோட்டுல எழுதி எடுத்துட்டு ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். டாக்டர் ரத்தமும் ஒண்ணுக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, தெனமும் ஒரு மாத்திரை எழுதினார். ஊறுகாய், கருவாடு, சோத்துக்கு உப்புப் போட்டுக்கறது எல்லாத்தையும் கொறைக்கச் சொன்னார்.

ஒரு மாசம் கழிச்சு 128/82. சரியாப் போச்சு, மாத்திரைய நிறுத்திரலாமான்னு தங்கச்சிகிட்டக் கேட்டேன். சிரிச்சுது.

"ஊர்ல பாதிப் பேரு இங்கதான் தப்புப் பண்றாங்கண்ணா. மாத்திரை சாப்பிடறதாலதான் 128. நிறுத்துனா மறுபடி ஏறும், ஏறுறது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கூட்டறதோ கொறைக்கறதோ டாக்டர் சொல்லட்டும். வருசத்துக்கு ஒருக்காங்கறது நல்லா இருக்கறவங்களுக்கு. இனி நீங்க மாசா மாசம் பாக்கணும்"னுச்சு.

அன்னைக்கு அந்த மரத்தடியில பாத்தது பதினோரு பேர். என்னையும் சேத்து மூணு பேருக்குக் கூட இருந்துச்சு. மூணு பேருக்குமே அதுவரைக்கும் எதுவும் தெரியாது. மீதி ஆளுக நாளைக்குப் பாத்துக்கலாம்னு கேனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தார்.

நம்ம வீட்டுல கடைசியா யாருக்கு எப்பப் பாத்தோம்னு இன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப ஒருக்காக் கேட்டுப் பாருங்க.