மேட்டுப்பாளையம், ட்யூப் லைட், அப்பாவின் ஆள்காட்டி விரல்

மேட்டுப்பாளையம்னு சொன்னதுமே ஊட்டி ரயிலும் ஊதா நிறப் பூவும் உங்க கண்ணு முன்னாடி வந்தா மன்னிக்கணும். இது எங்க புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டை, லாரிகள், இரும்புத் தூள் வாசனை, அவ்ளோதான். இங்க இருக்கிற ஒரு சின்ன லேத்துப் பட்டறையில எங்கப்பா முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தார். போன மாசத்தோட ஓய்வு.

கடைசி வாரம் அவர் மெஷின்ல நிக்கிறதை வீடியோ எடுத்து வச்சிக்கணும்னு ஆசை. சென்னையில பொட்டி தட்டிட்டு வாரக் கடைசியில மட்டும் ஈசிஆர்ல பஸ் ஏறி வர்ற பிள்ளைக்கு, அப்பா வேலை செஞ்சு பார்த்த ஞாபகமே கம்மி. அதனால போனைத் தூக்கிட்டுப் போயிட்டேன். போனதென்னவோ சரிதான், எடுத்து வந்ததுதான் சொதப்பல். அந்தச் சொதப்பலை ஆராய்ச்சி பண்ணப் போய்க் கத்துக்கிட்டதுதான் இந்தப் பதிவு.

மொத்தம் ரெண்டு வீடியோ. முதலாவது, வாசல் பக்கம் இருந்த மெஷின்ல. மத்தியான வெயில் நேரா சக் மேல விழுது. எல்லாம் ஆட்டோ, நொடிக்கு 30 ஃப்ரேம். ராத்திரி வீட்ல போட்டுப் பார்த்தா சக் சுத்தவே இல்லை! அப்பா கட்டிங் டூலை நகர்த்துறார், இரும்பு சுருள் சுருளா வருது, சக் மட்டும் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கு. உத்துப் பார்த்தா மெதுவா பின்னாடி வேற சுத்துது.

ரெண்டாவது, உள்ள ட்யூப் லைட் வெளிச்சத்துல. இந்த தடவை கொஞ்சம் படிச்சிட்டுப் போனேன். அமெரிக்காக்காரர் ஒருத்தர் பாடம் எடுத்திருந்தார்: 30 ஃப்ரேமா, ஷட்டரை 1/60ல வை. வச்சேன். வீடியோ முழுக்க கறுப்புப் பட்டை பட்டையா ஓடுது, வெளிச்சம் துடிக்குது. அப்பா முகமே வெட்டி வெட்டித் தெரியுது.

முதல்ல சக் கதை. மூணு ஜா வச்ச சக் அது, மெஷின் நிமிஷத்துக்கு 600 சுத்து. அதாவது நொடிக்குப் பத்து சுத்து. கேமரா நொடிக்கு 30 படம் எடுக்குது. ரெண்டு படத்துக்கு நடுவுல சக் சரியா மூணுல ஒரு பங்கு சுத்துது. மூணு ஜாவும் ஒரே மாதிரிதான் இருக்கும்கிறதால, முதல் படத்துல ஒரு ஜா இருந்த இடத்துக்கு அடுத்த படத்துல இன்னொரு ஜா வந்து நின்னுடுது. நம்ம கண்ணுக்கு ஆள் மாறினதே தெரியாது. நிஜ வேகம் 600க்கு ஒரு துளி கம்மியா இருந்தா, ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் பின்தங்கி, பின்பக்கமா சுத்துற மாதிரி தெரியும். பழைய படங்கள்ல குதிரை வண்டிச் சக்கரம் பின்னாடி சுத்துமே, அதே சமாச்சாரம்.

சரி, அப்படி இருந்தாலும் கலங்கலாவாவது தெரியணுமே? அங்கதான் ஷட்டர் ஸ்பீடு வருது. ஃப்ரேம் ரேட்டுங்கிறது நொடிக்கு எத்தனை படம் என்பது. ஷட்டர் ஸ்பீடுங்கிறது ஒவ்வொரு படத்துக்கும் எவ்ளோ நேரம் கண்ணைத் திறந்து வச்சிருக்கோம் என்பது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிட்டிருந்தேன் (பொறியியல் படிச்ச பையன்னு வெளிய சொல்லிடாதீங்க). வெயில் ஜாஸ்திங்கிறதால போன் தானாவே 1/1000 பக்கம் போயிருக்கு. அந்த நேரத்துக்குள்ள சக் திரும்புறது நாலு டிகிரி கூட இல்லை. அதனால ஒவ்வொரு படமும் கத்தி மாதிரி கூர்மை. போட்டோவுக்கு அது நல்லது, வீடியோவுக்கு ஆகாது. கூர்மையான படங்களை வரிசையா ஓட்டினா அசைவு விட்டு விட்டுக் குதிக்கும். நடக்கிற ஆள் கூட பொம்மலாட்டம் மாதிரி நடப்பார்.

ஒவ்வொரு படத்துலயும் அசைவு கொஞ்சம் இழுபட்டுப் பதிஞ்சாத்தான் அடுத்த படத்தோட வழுக்கிக்கிட்டுச் சேரும். அதுக்கு சினிமாக்காரங்க வழக்கம்: ஒரு ஃப்ரேமோட நேரத்துல பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்கணும். 25 ஃப்ரேம்னா 1/50. 30 ஃப்ரேம்னா 1/60. அமெரிக்காக்காரர் சொன்னது இதைத்தான். பாடம் தப்பே இல்லை. அப்புறம் ஏன் பட்டை?

இதுக்கு பதில் சொன்னது எங்கப்பா.

வீடியோவைப் பார்த்துட்டு அவர் சிரிக்கல. ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அப்புறம் இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலோட நுனி இருக்காது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்படித்தான். "மெஷின்ல அடிபட்டுச்சு"ன்னு மட்டும்தான் சின்ன வயசுல சொல்லுவார். நானும் அதுக்கு மேல கேட்டதில்லை.

"இன்னாடா தம்பி, நீ இப்ப போன்ல பார்த்தியே, அதை நான் அன்னிக்கு நேர்லயே பார்த்தேன்"னார்.

அவர் அப்போ வேற ஒரு பட்டறையில புதுசா சேர்ந்த பையன். மேல ஒரே வரிசையா சோக் வச்ச பழைய ட்யூப் லைட். மெஷின்ல ஆறுபட்டைக் கம்பி, ஆயிரம் சுத்துக்குப் பக்கம். சுத்தியிருந்த மெஷின் சத்தத்துல இது ஓடுதா நிக்குதான்னு காதுக்குத் தெரியல. கண்ணுக்கு, கம்பி நிக்கிற மாதிரி இருந்திருக்கு. மேல ஒட்டியிருந்த இரும்புச் சீவலைத் தட்டிவிட விரலை நீட்டிட்டார்.

கணக்கு போட்டுப் பார்த்தேன், வயித்தைக் கலக்கிடுச்சு. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றுலயும் ரெண்டு தடவை உச்சத்துக்குப் போறதால ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். ஆயிரம் சுத்துல ஓடுற ஆறுபட்டைக் கம்பியில, நொடிக்கு 100 பட்டை ஒரு இடத்தைக் கடக்கும். நூத்துக்கு நூறு! ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு பட்டை அதே இடத்துல வந்து நிக்கும். கேமராவே இல்லாம கண்ணு ஏமாந்துடுது.

"அதுக்குத்தான் ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு குண்டு பல்பு மாட்டி வச்சிருப்போம். மேல இருக்கிற லைட்டையும் மூணு ஃபேஸ்ல பிரிச்சி மாட்டணும், ஒண்ணு மங்கறப்ப இன்னொண்ணு எரியும்"னார். குண்டு பல்போட கம்பி சூடாவே இருக்கிறதால அவ்வளவா மங்காது. நான் நாலு வருஷம் படிச்சும் தெரியாத சமாச்சாரம், அவர் ஒரு நுனி விரலைக் குடுத்துக் கத்துக்கிட்டது.

இப்ப பட்டைக்கான காரணம் தன்னால புரிஞ்சது. அடி பம்புல தண்ணி பிடிக்கிறதை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கொப்பளிப்பு. சரியா ரெண்டு அடி நேரம் வாளியைக் காட்டினா, எப்ப ஆரம்பிச்சாலும் ஒரே அளவுத் தண்ணிதான் விழும். ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியான நேரம் காட்டினா? கொப்பளிப்புல ஆரம்பிச்சா ஒரு அளவு, இடைவெளியில ஆரம்பிச்சா வேற அளவு. 1/50 நொடியில நம்மூர் லைட் சரியா ரெண்டு தடவை கொப்பளிக்கும், 1/100ல சரியா ஒரு தடவை. 1/60ல ஒண்ணும் மூணுல ரெண்டு பங்கும். அதான் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுது. சென்சார் மேலேர்ந்து கீழே வரி வரியா படிக்கிறதால, ஒரே படத்துக்குள்ளயும் பட்டை விழுது. அமெரிக்காவுல கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அங்க 1/60 கச்சிதமாப் பொருந்தும். அவங்க டிவி 30 ஃப்ரேமும் நம்ம தூர்தர்ஷன் 25 ஃப்ரேமும் ஆனது கூட இந்த 60, 50 கணக்குலதான்.

ஆக நம்மூர்ல விளக்கு வெளிச்சத்துல எடுக்கிறதா இருந்தா 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர். போன்ல 25 இல்லைன்னா 24லயோ 30லயோ வச்சுக்கிட்டு, ஷட்டரை மட்டும் 1/50ல பூட்டிடுங்க, பட்டை போயிடும். ஒரு எச்சரிக்கை: சில மலிவு எல்ஈடி விளக்குகள் வேற கணக்குல துடிக்கும், அதுல 1/50 கூட கை குடுக்காமப் போகலாம். எடுக்கறதுக்கு முன்னாடி பத்து நொடி எடுத்து, வெள்ளைச் சுவத்தைப் பாருங்க. பட்டை இருந்தா அங்கதான் பளிச்சுன்னு தெரியும்.

ஷட்டரைப் பூட்டியாச்சுன்னா வெளிச்சத்தை சரி பண்ண மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு. எஃப் நம்பர், அதாவது லென்ஸ் துவாரம். போன்ல பெரும்பாலும் அது மாறாது, என் போன்ல 1.8. இன்னொண்ணு ஐஎஸ்ஓ. பட்டறை உள்ள ட்யூப் லைட்ல 1/50க்கு ஐஎஸ்ஓ 150 பக்கம் சரியா வந்தது. அதையும் பூட்டணும். இல்லைன்னா அப்பா வெள்ளைச் சட்டையோட குறுக்க வந்ததும் போன் பதறிப்போய் இருட்டாக்கும், நகர்ந்ததும் வெளிச்சமாக்கும்.

வெயில்லதான் சிக்கல். ஐஎஸ்ஓவை 50க்கு இறக்கினாலும், எஃப் 1.8ல உச்சி வெயிலுக்குத் தேவையான ஷட்டர் 1/4000 பக்கம். 1/50ல வச்சா படம் வெள்ளைத் தாள்தான். கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டணும், என்டி ஃபில்டர்னு பேர். 64ல ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடுற என்டி 64 மாட்டினா 1/4000 கிட்டத்தட்ட 1/60க்கு இறங்கிடும், அப்புறம் 1/50 வைக்கிறது கஷ்டமில்லை. என்கிட்ட அது இல்லை.

மறுநாள் இதை அப்பாகிட்ட விலாவாரியா விளக்கி, "ஷட்டரை இறக்கணும்ப்பா"ன்னேன். அவர் நேரா வாசலுக்குப் போய் பட்டறையோட இரும்பு ஷட்டரைப் பாதிக்கு இழுத்து விட்டுட்டு வந்தார். "போதுமாடா?" :)

போதும். வெயில் அடங்கிடுச்சு. 25 ஃப்ரேம், 1/50, ஐஎஸ்ஓ 100. போனை மெஷின் பக்கத்து அலமாரியில சாய்ச்சு வச்சு எடுத்தேன். இந்தத் தடவை சக், படத்துக்குப் படம் வேற இடத்துல, ஒவ்வொண்ணுலயும் 72 டிகிரி இழுபட்டு, சுத்துற மாதிரியே சுத்துது. அப்பா விரல் அசையறது வழுவழுன்னு இருக்கு.

போட்டுக் காட்டினேன். மொத்தமா பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "முதல்ல எடுத்தியே, அதை அழிச்சிடு. புதுசா வர்ற பசங்க பார்த்தா மெஷின் நிக்குதுன்னு நினைச்சிடுவான்."

அழிச்சிட்டேன்.

டிஸ்கி: லேத்துல கை வைக்கிறது பத்தி இதுல எந்தப் பாடமும் இல்லை, அதுக்கு எங்கப்பாவைத்தான் கேக்கணும். கேமரா பத்தி எங்கயாவது தப்பா சொல்லியிருந்தா பின்னூட்டத்துல கும்முங்க மக்கா.