அறுபதாம் படி

அண்மைக் காலமாக நமக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. தில்லியில் நாம் பணிபுரியும் அலுவலகத்தின் மாடிப்படிகளில் கோப்புக்கட்டுடன் ஏறுகிறோம். சிறிது நேரத்தில் அவை சுவாமிமலைக் கோயிலின் கற்படிகளாக மாறிவிடுகின்றன. மூச்சு வாங்குகிறது, ஆயினும் மகிழ்ச்சியே. உச்சிக்கு ஒரு படி இருக்கையில் கால்கள் கல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. அச்சம் மேலிட விழித்துக்கொள்கிறோம்.

"படி ஏறுவது நல்ல சகுனம், பஞ்சப்படி உயரும்" என்று நகைத்தார் அலுவலக நண்பர்.

மனநூல் வல்லுநர் பிராய்டும் இத்தகைய கனவொன்றைக் கண்டார். அரைகுறை உடையுடன் மும்மூன்று படிகளாகத் தாவி ஏறுகையில், பணிப்பெண் ஒருத்தி எதிரே இறங்கி வருகிறாள். நாணத்தால் விரைய முயன்றவருக்குக் கால் எழவில்லை. பின்னாளில் படியேறும் கனவுக்குப் பொதுப்பொருள் கூறிய அவரே, இக்கனவின் பொருளைத் தம் அன்றாட வாழ்விலேயே தேடினார். நாள்தோறும் மருத்துவம் பார்க்கச் சென்ற வீட்டின் படிகள் அவை. அங்கே அழுக்குக் காலணியுடன் வந்ததற்காகப் பணிப்பெண் அவரைக் கடிந்திருந்தாள்.

கால் ஒட்டிக்கொள்வதற்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கலாம். கண்விழிகள் விரைந்து அசையும் உறக்கநிலையை ஆய்வாளர்கள் 1953இல் அறிவித்தனர். தெளிவான கனவுகள் மிகுதியும் அப்போதே தோன்றுகின்றன. அந்நேரம் கைகால் தசைகள் செயலற்றுத் தளர்ந்திருக்கும். எனினும், நம் கால் ஏன் கடைசிப் படியில் மட்டும் நின்றது என்பதை அது விளக்கவில்லை.

எனவே நாமும் முதற்கனவுக்கு முந்திய பகலை நினைவுகூர்ந்தோம். அன்று நம் பணிப்பதிவேட்டைச் சரிபார்க்கையில் ஓய்வுபெறும் நாள் கண்ணில் பட்டது. அன்றிரவு ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் பேசினான். "அண்ணா, ஓய்வுக்குப்பின் இங்கே வருவீர்களா? வருவதானால் இடிந்த பின்கட்டைக் கட்டலாம், இல்லையேல் வீட்டை விற்றுவிடலாம்" என்றான். "பார்க்கலாம்" என்றோம். அருகிலிருந்த மகளோ, "அங்கே எனக்கு யாரைத் தெரியும், அப்பா?" என்றாள்.

சுவாமிமலைப் படிகள் தமிழாண்டுகளைப் போல அறுபது. மத்திய அரசில் ஓய்வு வயதும் 1998 முதல் அறுபது. கணக்குப் புரிந்தது. நாம் அஞ்சியது உயரத்திற்கன்று. ஏறி முடித்தபின் எந்தப் பக்கம் இறங்குவது என்ற கேள்விக்கே. ஏறிக்கொண்டிருக்கும்வரை அதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை அல்லவா!

மறுவாரம் தம்பியை நாமே அழைத்தோம். "விற்க வேண்டா, பின்கட்டைக் கட்டு. வருவோமா என்பதை மட்டும் இப்போது கேளாதே" என்றோம்.

கனவு நின்றுவிடவில்லை. கடைசிப் படியில் கால் இன்னமும் தயங்குகிறது. ஆனால் ஏன் தயங்குகிறது என்பது இப்போது நமக்குத் தெரியும்.