ஒரே கோடு, இரண்டு அளவு

எமது கல்லூரியின் இரசாயனச் சாலையில் நான் பயின்ற காலத்தில், கரைசல்களின் செறிவைக் கணக்கிடுவதில் எனக்கு ஓரளவு நற்பெயர் உண்டு. பியூரெட்டின் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்கவும், ஒரு மில்லி லிட்டரில் உப்பு எவ்வளவு உளது என்று சொல்லவும் நன்கு கற்றிருந்தேன். பின்னர்ப் பல ஆண்டுகள் அதையே பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வந்தேன். இவ்வளவும் கற்ற நானே, என்னைப் பெற்ற தாயாருக்குப் பதினெட்டு நாள் குறைந்த அளவிலும், பத்தொன்பதாம் நாள் மிகுந்த அளவிலும் இன்ஸுலின் ஏற்றினேன். அது நேர்ந்த விதத்தை உள்ளபடி எழுதுகிறேன். எமது மாணாக்கரில் பலர் இன்று வைத்தியசாலைகளிலும் மருந்துக் கடைகளிலும் பணி செய்கின்றனர். பலருடைய இல்லங்களிலும் இம்மருந்து இருக்கின்றது.

என் தாயார் கிராமத்தில் இருந்தவரையில் காலையில் 24 யூனிட்டும், மாலையில் 16 யூனிட்டும் ஏற்றிக்கொள்வார். பால்போற் கலங்கிய கலவை இன்ஸுலின் அது. அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி ஊசி போட்டு வந்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 130-க்கும் 150-க்கும் இடையே நின்றது. முழங்கால் வலி முற்றியபடியால் அவரை என் வீட்டிற்கு அழைத்து வந்தேன். மருந்துச் சீசா உடன் வந்தது, சிரிஞ்சுகள் தீர்ந்திருந்தன. தெருமுனைக் கடையில், “இன்ஸுலின் சிரிஞ்சு வேண்டும்” என்று மட்டும் கேட்டேன். கடைக்காரரும் எந்த இன்ஸுலினுக்கு என்று வினவவில்லை. கிச்சிலி நிற மூடியிட்ட சிரிஞ்சுகளைக் கொடுத்தார். அன்று மாலை முதல் நானே மருந்து ஏற்றத் தொடங்கினேன்.

ஒரு வாரத்திற்குள் தாயாருக்குத் தாகம் மிகுந்தது; இரவில் நான்கைந்து முறை எழுந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 270-ஐ எட்டியது. பட்டணத்துச் சாப்பாடே காரணம் என்று நான் எண்ணினேன். பேரப்பிள்ளைகள் கொடுக்கும் பிஸ்கோத்து என்று என் மனைவி எண்ணினாள். பன்னிரண்டாம் நாள் வைத்தியரிடம் சென்றோம். அவர் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, மாத்திரைகளைப் பற்றி வினவி, காலைக்கு 36, மாலைக்கு 24 என்று அளவை உயர்த்தி எழுதினார். அவருக்கு முன்னிருந்தவை எண்கள் மட்டுமே. சிரிஞ்சு என் வீட்டு அலமாரியில் இருந்தது.

பதினெட்டாம் நாள் சிரிஞ்சுகள் தீர்ந்தன. இம்முறை வேறொரு கடைக்குச் சென்றேன். அங்கே சிவப்பு மூடியிட்டவை கிடைத்தன. நிறம் மாறியதைக் கண்டேன். வேறொரு கம்பெனிச் சரக்கு என்று கருதி விட்டுவிட்டேன். மறுநாட் காலை ஏழரை மணிக்கு 36 என்ற கோடு வரையில் இழுத்து ஏற்றினேன். பத்தரை மணிக்குத் தாயாருக்கு உடல் முழுதும் வேர்த்தது, கைகள் நடுங்கின. என்னை நோக்கி, இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன என் மாமனின் பெயரைச் சொல்லி, “எப்போ வந்தே?” என்று வினவினார். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. விழுங்கும் நிலையில் இருந்தபடியால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிஷங் கழித்துப் பார்க்க 61. மறுபடியும் அவ்வளவே கொடுத்தோம். 92 ஆனதும் இரண்டு இட்டலியை உண்பித்து, வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது; மூச்சுக் குழலிற் புகுந்துவிடும். அப்போது உடனே வைத்தியசாலைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

அங்கே என் கணக்கை உடைத்தவர் ஒரு மூத்த நர்ஸ் அம்மாள். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேட்டார். இரண்டு நாளும் 36 என்றேன். “ஐயா, சீசாவையும், நேற்றுப் போட்ட சிரிஞ்சையும், இன்று போட்ட சிரிஞ்சையும் வீட்டிலிருந்து வரவழையுங்கள்” என்றார். மகன் கொண்டுவந்தான். அந்த அம்மாள் மூடிகளைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, குழல்களை மட்டும் என் கையிற் கொடுத்து, எழுத்தைப் படிக்கச் சொன்னார். கிச்சிலி மூடிக் குழலில் யூ-100 என்றும், சிவப்பு மூடிக் குழலில் யூ-40 என்றும் இருந்தது. சீசாவின் மேற் சீட்டிலோ, ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் என்று இருந்தது. பிறகு இரண்டு குழலிலும் 20 என்ற கோடுவரையில் வெறுந் தண்ணீரை இழுத்துப் பக்கத்திற் பக்கம் பிடித்தார். யூ-40 குழலில் நீர் பாதி மட்டம், அதாவது அரை மில்லி லிட்டர், நின்றது. மற்றதில் ஐந்தில் ஒரு பங்கே நின்றது. கோட்டிற்குரிய எண் ஒன்றே, நீர் வேறு.

அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. யூனிட் என்பது மருந்தின் அளவு. கோடு என்பது குழலில் ஓர் இடம். சீசாவின் செறிவும் குழலின் செறிவும் ஒன்றாக இருக்கும்போது மாத்திரமே, கோட்டின் எண் யூனிட்டின் எண்ணாகும். யூ-100 குழலில் 24 என்ற கோடு 0.24 மில்லி லிட்டரைக் குறிக்கும். அதில் 40-யூனிட் மருந்தை நிரப்பினால் உள்ளே செல்வது 9.6 யூனிட். முதற் பன்னிரண்டு நாளும் தாயாருக்குக் காலையிற் சென்றது இவ்வளவே. வைத்தியர் 36 ஆக்கிய பின்னும் சென்றது 14.4. பத்தொன்பதாம் நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வந்தவுடன், முழு 36 யூனிட்டும் சென்றது: முதல் நாளைக் காட்டிலும் இரண்டரை மடங்கு, அவருக்கு உண்மையில் வேண்டிய 24-ஐக் காட்டிலும் ஒன்றரை மடங்கு.

இங்கே நான் சற்று நின்று சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. தாயாரைத் தள்ளாட வைத்தது தவறான சிரிஞ்சன்று, சரியான சிரிஞ்சே. முதலில் நேர்ந்த தவறு, வைத்தியர் எழுதிய எண்ணுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டது. அவ்வாறு ஒளிந்தபின், தவறு தானே திருந்திய நாளில் ஆபத்து வந்தது. ஆகையால் சிரிஞ்சு மாறியிருந்தது என்று எவரேனும் கண்டுபிடித்தால், சரியான சிரிஞ்சை வாங்கி அதே எண்ணில் ஏற்றிவிடலாகாது. முதலில் வைத்தியருக்குச் சொல்லி, இதுவரை உண்மையில் உள்ளே சென்றது எத்தனை யூனிட் என்று கணக்கிட்டு, அளவைப் புதிதாக எழுதி வாங்க வேண்டும். எங்கள் வைத்தியர் அன்று மாலை மருந்தை நிறுத்தி, மறுநாள் முதல் கிராமத்திற் பொருந்தியிருந்த 24-க்கும் 16-க்குமே திரும்பினார். ஒரு வாரத்தில் காலைச் சர்க்கரை 140-க்கு வந்தது.

இதற்கு மறுதலையான பிழை இன்னும் கொடியது. 100-யூனிட் மருந்தை யூ-40 குழலில் 24 கோடுவரை இழுத்தால், அது 0.6 மில்லி லிட்டர்; உள்ளே போவது 60 யூனிட். பேனாவுக்குரிய சிறு மருந்துக் குப்பிகள் நம் நாட்டில் பொதுவாக 100-யூனிட் செறிவுள்ளவை. பேனா கெட்டுப்போயிற்று என்று, வீட்டிற் கிடந்த சிரிஞ்சால் அக்குப்பியிலிருந்து இழுப்பவர் உண்டென்று நர்ஸ் அம்மாள் சொன்னார். ஒருபோதும் செய்யத் தகாத காரியம் அது.

இத்தனைச் செறிவுகள் ஏன் என்று கேட்கத் தோன்றும். 1922-ஆம் ஆண்டில் டொரான்டோ நகரில் நோயாளிக்கு முதன்முதல் ஏற்றப்பட்ட பின்பு, மருந்து தூய்மை பெறப் பெறச் செறிவும் ஏறிற்று. பிரிட்டனில் 20, 40, 80 என்று மூவகைச் சீசாக்கள் நெடுங்காலம் இருந்து குழப்பம் விளைத்தபடியால், 1983 முதல் 100-க்கு மாறினார்கள். அமெரிக்கர் அதற்குப் பத்தாண்டு முன்னரே அவ்வழி தொடங்கினர். நம் நாட்டிலோ சீசாவில் 40-உம், பேனாவில் 100-உம், சில புது மருந்துகளின் சீசாவில் 100-உம் ஒரே கடையின் ஒரே குளிர்பெட்டியில் அடுத்தடுத்து வாழ்கின்றன.

குழல் மாறினால் இரண்டரையாற் பெருக்கிக்கொண்டால் என்ன என்று, என் பழைய தொழிற் பெருமையில், நர்ஸ் அம்மாளிடம் கேட்டேன். 24 யூனிட்டுக்கு யூ-100 குழலில் 60 என்ற கோடு, கணக்குச் சரிதான். அவர் சம்மதிக்கவில்லை. “நீங்கள் ஊரில் இல்லாத நாளில், அந்த 60 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, வேறொருவர் சிவப்புச் சிரிஞ்சில் இழுக்கமாட்டாரா?” என்றார். அந்தக் குழல் 40-இலேயே முடிந்துவிடும். எஞ்சிய 20-ஐ இரண்டாம் ஊசியாய்ப் போட்டுவிடக் கூடிய கடமையுணர்ச்சி உள்ளவர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. நான் வாய் மூடினேன். பொருந்திய சிரிஞ்சு கிடைக்கும் இடத்தைத் தேடுவதே வழி. கிடைக்கத் தாமதமானால் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

அந்த வைத்தியசாலையில் இப்போது நடக்கும் முறையைப் பின்னர்க் கண்டேன். சர்க்கரை காரணமின்றி ஏறியோ இறங்கியோ வருபவரிடம், அளவை மாற்றுவதற்கு முன், சீசாவையும் சிரிஞ்சையும் மேசைமேல் வைக்கச் சொல்கிறார்கள்; இரண்டின் எழுத்தையும் உரக்கப் படிக்கச் செய்து, கண்முன்னே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்கிறார்கள். மூடியின் நிறத்தைக் கேட்பதில்லை, மூடிகள் மாறும். சீட்டில் மருந்தின் பெயர், யூனிட், சீசாவின் செறிவு, அதற்குரிய சிரிஞ்சு ஆகியவற்றை எழுதுகிறார்கள். யூனிட் என்ற சொல்லையும் முழுமையாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாய்ச் சுருக்கினால் அது சுழியம்போற் தோன்றி, பத்து நூறாகப் படிக்கப்படும்.

நான் கவனியாது விட்ட சாட்சி ஒன்று வீட்டிலேயே இருந்தது. பத்து மில்லி லிட்டர்ச் சீசாவில் 400 யூனிட். நாளொன்றுக்கு நாற்பது என்றால் பத்து நாளில் தீர்ந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நாளும் அதில் மருந்து இருந்தது. தாயார் அதற்கு முன்பே ஒரு நாள் அதை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, “உன் வீட்டிலே மருந்துகூடச் செட்டாப் போகுதய்யா” என்று மெச்சினார், நானும் மகிழ்ந்தேன். இப்போது புதுச் சீசா திறக்கும் நாளை அதன்மேல் எழுதி வைக்கிறேன். பத்தாம் நாள் அது வெறுமையாவதைக் கண்டு அவர் செலவைப் பற்றி முணுமுணுக்கிறார்.