எத்தனை கிலோ தாங்கும்?

"15 கிலோ வரை தாங்கும்" என்று எழுதியது நான்தான். பெரியம்மா அப்படிச் சொல்லவே இல்லை. ஈரோட்டில் வீட்டுத் திண்ணையில் ஒரு மெஷினைப் போட்டு அவர் சணல் பை தைக்கிறார். விற்பதற்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார். மற்றவர்கள் பத்து, பன்னிரண்டு என்று போட்டிருந்தார்கள், நான் பதினைந்து போட்டேன்.

மூன்றாவது வாரம் பக்கத்துத் தெரு அக்கா பையோடு வந்து நின்றார். அஞ்சு கிலோ அரிசி, ரெண்டு லிட்டர் எண்ணெய், மேலே ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டில். பஸ்ஸில் ஏறும்போது ஒரு கைப்பிடி கழன்றதில் பாட்டில் படிக்கட்டில் உடைந்து, அவருடைய கால் விரலில் கீறியிருந்தது. "எட்டு கிலோ கூட இருக்காதே தம்பி" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பெரியம்மா பையை வாங்கி உள்பக்கம் திருப்பினார். "கைப்பிடி அறுகல பாரு கண்ணு" என்று காட்டினார். நாடா முழுசாக இருந்தது, நூலும் அறவில்லை. கைப்பிடி தைத்த இடத்தில் சணல்தான் கிழிந்திருந்தது, தபால்தலையைக் கிழித்த மாதிரி வரிசையாக, ஓட்டை ஓட்டையாக.

நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். சணல் இழை தடிமன். ஒவ்வொரு ஊசிக்குத்தும் அதில் கொஞ்சம் நாரை வெட்டிவிடும். பொடித்தையலை ஒரே கோட்டில் நாலு தடவை ஓட்டினால், கிழிய வேண்டிய கோட்டை நாமே போட்டுக் கொடுத்த மாதிரி.

கணக்கு இதுதான். எட்டு கிலோவை இரண்டு கைப்பிடியின் நாலு முனைகள் சுமந்தால் முனைக்கு இரண்டு கிலோ. அவசரத்தில் ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்தால் முனைக்கு நாலு. பஸ்ஸில் ஏறும்போது விழுகிற குலுக்கலில் அது இன்னும் கூடும். பை கிழிவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான்.

அடுத்த பையில் நாடாவைப் பையின் வாயில் நிறுத்தாமல், முன்பக்கம் மேலிருந்து இறக்கி, அடியைச் சுற்றிப் பின்பக்கம் ஏற்றினோம். இப்போது எடையைச் சணலோடு நாடாவும் அடியிலிருந்தே தாங்குகிறது. வாய்ப்பக்கம் உள்ளே ஒரு துண்டுத்துணி வைத்து, நாடா மேல் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டோம். தையல் நீளத்தை நாலு மில்லிமீட்டருக்குக் கூட்டினோம். பருத்தி நூலுக்குப் பதில் பாலியஸ்டர் நூல்.

லைனிங்கிலும் ஒரு பாடம் இருந்தது. உள்ளே வைத்த காடா துணியை நனைக்காமலே தைத்திருந்தோம். துவைத்தால் அது சுருங்கிச் சணலைவிடக் குட்டையாகிவிடும். அப்புறம் சாமான் சணலின் அடியில் உட்காராது, லைனிங்கில்தான் தொங்கும். முழு எடையும் அந்த மெல்லிய துணியின் தையலுக்குப் போய்விடும். பை அடி மேலே இழுத்துக்கொண்டு சுருக்கம் சுருக்கமாக நின்றால் அதுதான் அறிகுறி. இப்போது காடாவை ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுகிறோம்.

பிறகு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ. பத்து பாட்டில் போட்டு ராத்திரி முழுக்க உத்தரத்தில் தொங்கவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. காலையில் பன்னிரண்டு போட்டு, ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து ஐம்பது தடவை வெடுக் வெடுக்கென்று தூக்கினேன். காலியாக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சதுரத்தின் மேல் வரிசையில் ஊசி ஓட்டைகள் நீளவாக்கில் விரிந்திருந்தன.

"அப்ப எத்தனைனு எழுதறது?" என்றேன்.

"பாதி எழுது. பாதிக்கு நான் பொறுப்பு."

சணல் நனைந்தால் பலம் குறையும். அதனால் மீன், கீரை வாங்குகிறவர்களிடம் துணிப்பையே எடுங்க என்று பெரியம்மா சொல்லிவிடுகிறார். அக்காவுக்குப் புதுப் பையைக் கொடுத்தோம். காசு வாங்கவில்லை. அவர் முதலில் செய்தது, பையை உள்பக்கம் திருப்பிப் பார்த்ததுதான்.

இப்போது நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"சணல் பை, உள்ளே நனைத்த காடா லைனிங். ஆறு கிலோ வரை, இரண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்கவும். கைப்பிடி நாடா அடிவரை சுற்றி வருகிறது. மெஷினில் போட வேண்டாம். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் காயப் போடவும். நன்றாகக் காய்ந்த பிறகே சாமான் போடவும். கைப்பிடித் தையலில் ஓட்டை விரிந்தால் கொண்டு வாருங்கள், தைத்துத் தருகிறோம்."

ஆறு என்று பார்த்துவிட்டு இரண்டு பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். பெரியம்மா, "போகட்டும் கண்ணு" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.