52 மூட்டை இருந்தும் 40 அனுப்ப முடியவில்லை

திருப்பூரில் நூல் வியாபாரம் செய்யும் நண்பர், எக்ஸெலை விட்டுவிட்டு குடோன் கணக்குக்கென்றே ஒரு மென்பொருள் வாங்கப் போகிறார். டெமோ காட்ட ஒருநாள் இரண்டு கம்பெனியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முன் குடோனை ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று அன்று காலையிலேயே போனேன்.

எக்ஸெலில் 30ஆம் நம்பர் கோம்டு நூல் 52 மூட்டை. வந்திருந்த ஆர்டர் 40. “அனுப்பிடலாம்தானே?” என்றேன்.

“மொத்தமா இருக்குதுங்க. ஒரே லாட்டுல இல்லீங்க” என்றார் குடோன் பார்த்துக்கொள்ளும் அண்ணன். மூட்டைகளைப் புரட்டி, மில் ஒட்டிய சீட்டைக் காட்டினார். ஒரு லாட்டில் 23, இன்னொன்றில் 18, மற்றொன்றில் 11. லாட் மாறினால் பஞ்சின் கலவையும் மாறியிருக்கலாம். இரண்டு லாட்டை ஒரே துணியில் ஓட்டினால், சாயம் போடும்வரை ஒன்றும் தெரியாது. போட்டபின் பட்டை பட்டையாக அடிக்கும். எக்ஸெலில் சரக்கு வரும்போது லாட் எண் பதிகிறார்கள். போகும்போதோ மொத்தத்தில்தான் கழிக்கிறார்கள்.

டெமோவுக்கு இதையே கணக்காகக் கொடுத்தோம்: இந்த மூன்று லாட்டையும் ஏற்றுங்கள், ஒரே லாட்டில் 40 கேளுங்கள். முதல் மென்பொருள் தயங்காமல் 40 மூட்டைக்கு டெலிவரி சலான் போட்டது. அதில் லாட் என்பது வெறும் குறிப்புக் கட்டம். இரண்டாவது, ‘அதிகபட்சம் 23’ என்று நிறுத்தியது. அந்த 23 எந்த வரிசையில் இருக்கிறது என்றும் காட்டியது. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே எனக்கு இது போதுமானதாக இருந்தது.

அடுத்து, பிரித்துப் பாதி ஓட்டிய மூட்டை ஒன்று நிட்டிங்கிலிருந்து திரும்பியிருந்தது, 31 கிலோ. வாங்குவது மூட்டையில், திரும்புவது கிலோவில். அதே லாட்டின் கீழ் கிலோவாக ஏற வேண்டும், முழு மூட்டை எண்ணிக்கையைத் தொடக்கூடாது. இரண்டாவது மென்பொருள் இதையும் சமாளித்தது.

மதியம் குடோனின் கடைசி வரிசைக்குப் போனோம். தகரக் கூரை, ஆளுயர அடுக்கு. அங்கே வைஃபை எட்டுவதில்லை. இதுவரை துண்டுச்சீட்டில் குறித்துச் சாயங்காலம் எக்ஸெலில் ஏற்றினார்கள். இடையில் அதே மூட்டையை ஆபீஸில் வேறொருவருக்கு விற்றுவிடுவதும் நடந்தது. இரண்டாவது கம்பெனியிலிருந்து வந்தவரிடம், போனில் இணைப்பை அணைத்துவிட்டு ஐந்து மூட்டையை ஸ்கேன் செய்யச் சொன்னேன். வாசலுக்கு வந்து இணைப்பைப் போட்டதும் ஐந்தும் ஏறின, ஸ்கேன் செய்த நேரத்தோடு. பிறகு இரண்டு போனிலும் இணைப்பை அணைத்து, ஒரே மூட்டையை இரண்டு ஆர்டருக்கு ஸ்கேன் செய்தோம். இணைப்பு வந்ததும் மென்பொருள் இரண்டையும் வாங்கிக்கொண்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

“இதைச் சரிபண்ணிக் கொடுத்தா மேற்கொண்டு பேசலாம்” என்று நண்பர் அந்தக் கம்பெனிக்காரரை அனுப்பிவைத்தார்.