43 டிகிரியின் பூர்வீகம்

ரொட்டிச் செய்முறை எதைப் புரட்டினாலும் ஆரம்பம் அநேகமாக ஒன்றுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள், நுரைத்து வரவேண்டும். கொஞ்சம் கறாரான புத்தகமாக இருந்தால் 110 டிகிரி பாரன்ஹீட், அதாவது 43 டிகிரி செல்சியஸ் என்று எண்ணையே போட்டிருக்கும். ஆனால் எங்கள் தெருக்கோடி பேக்கரியில் பன் போடுகிறவர் ஈஸ்ட்டை அப்படியே மைதாவில் கொட்டிக் கலந்து, ஐஸ் போட்ட தண்ணீரை ஊற்றிப் பிசைகிறார். வெந்நீர் வைப்பதில்லை, நுரை பார்ப்பதும் இல்லை. கேட்டதற்கு, “இன்ஸ்டன்ட்டுக்கு எதுக்கு சார் வெந்நீர்? மாவு சூடேறிடும்” என்றார். பன் நன்றாகத்தான் உப்பி வருகிறது. அப்படியானால் அந்த 43 யாருக்காக எழுதப்பட்டது? அதைத் தேடப் போனேன்.

தேடல் இரண்டாம் உலகப் போர் வரை இழுத்துக்கொண்டு போனது. அதற்கு முன்பு பேக்கரிக்கு வந்துகொண்டிருந்தது அமுக்கிய ஈஸ்ட் கட்டி. ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து குடியேறிய ஃப்ளைஷ்மன் சகோதரர்கள் 1868இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் அதைத் தொழிலாகத் தொடங்கினார்கள். கட்டியில் எழுபது விழுக்காட்டுக்குப் பக்கமாகத் தண்ணீர் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். கடல் கடந்து போகும் ராணுவத்துக்கு இது ஆகாது. போர்க்காலத்தில் அதே ஃப்ளைஷ்மன் நிறுவனம், குளிர்பெட்டி தேவைப்படாத உலர் ஈஸ்ட்டை அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியது. ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்று இன்றைக்குக் கடையில் வாங்குவது அந்த வழியில் வந்ததுதான். போர் முடிந்ததும் அது பொட்டலமாகி வீடுகளுக்கு வந்தது. கூடவே வெந்நீர்க் குறிப்பும் வந்தது.

குறிப்பு ஏன் தேவைப்பட்டது என்பது ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் பாதி புரியும். பழுப்பு நிறத்தில் கெட்டியான பொடி உருண்டைகள்; நகத்தால் அழுத்தினால்கூடச் சட்டென்று நசுங்காது. சூடான காற்றில் நிதானமாக உலர்த்தும்போது உருண்டையின் வெளிப்புறத்தில் இருக்கும் ஈஸ்ட் செல்கள் செத்து ஓடாக இறுகிவிடுகின்றன. உயிருள்ளவை அதற்குள்ளே இருக்கின்றன. ஓடு கரையாமல் உள்ளே இருப்பதற்கு மாவும் கிடைக்காது, சர்க்கரையும் கிடைக்காது. ஆகவே முதலில் தண்ணீரில் ஊறியாக வேண்டும்.

ஆனால் ஓட்டைக் கரைக்கச் சாதாரணத் தண்ணீரே போதும், கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். சூடு எதற்கு? “தூங்கும் ஈஸ்ட்டை எழுப்ப” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. 1974இல் வான் ஸ்டெவெனிங்க், லெடெபூர் என்ற இருவர் ஓர் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்ட ஆய்வில்தான் சரியான விடை இருக்கிறது. ஒவ்வொரு ஈஸ்ட் செல்லையும் கொழுப்பாலான மெல்லிய படலம் ஒன்று சுற்றியிருக்கிறது. ஈரத்தில் அது இளகிய நிலையில் இருக்கும், உலர்ந்தால் விறைத்துவிடும். உலர்ந்த ஈஸ்ட்டில் இந்தப் படலம் மறுபடி இளக ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி வரை சூடு வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால், படலம் முதலில் இளகி, பிறகு செல் ஊறுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலோ, ஊறுவதும் இளகுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்த இடைவேளையில் படலம் ஒழுகுகிறது. செல்லுக்குள் இருக்க வேண்டியவை வெளியே கொட்டிப்போகின்றன. நடப்பதெல்லாம் முதல் சில விநாடிகளிலும் நிமிடங்களிலும்தான். பிறகு எவ்வளவு இதமாகச் சூடேற்றினாலும் கொட்டியது கொட்டியதுதான்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் ஃபிரிட்ஜ் தண்ணீர், இன்னொன்றில் 43 டிகிரித் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு ஆக்டிவ் டிரை, ஒரே அளவு சர்க்கரை. பத்து நிமிடம் கழித்துக் குளிர்ந்த டம்ளரையும் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்போதுதான் போட்டி நியாயமாக இருக்கும். வெந்நீர் டம்ளரில் உருண்டைகள் மேலே எழும்பி, உடைந்து, காபி நிற நுரையாகக் குவிந்து வருகின்றன. மற்றதில் அடியில் சேறு, மேலே பால் கலந்தாற்போல வெளுத்த தண்ணீர், ஓரத்தில் மட்டும் வளையமாகக் கொஞ்சம் குமிழி. சூடேறிய பிறகும் அது மற்றதை எட்டிப் பிடிப்பதில்லை. அந்த ஈஸ்ட்டில் மாவு பிசைந்தால் இன்னொரு விஷயமும் தெரியும். மாவு கையில் ஒட்டும், இழுவை இருக்காது. செல்லிலிருந்து ஒழுகுபவற்றில் குளுட்டதயோன் என்று ஒன்று உண்டு. மைதாவின் பசைப் பிணைப்புகளை அது அவிழ்த்துவிடும். பலர் தண்ணீர் கூடிவிட்டதோ என்று மேலும் மாவைச் சேர்ப்பது இந்த இடத்தில்தான்.

ஆக, 43 என்பது ஈஸ்ட் வளரப் பிடித்த சூடு அன்று. மாவில் அது சந்தோஷமாக வேலை செய்வது முப்பதுக்குப் பக்கத்தில். உலர்த்தியதில் விறைத்த படலத்துக்கான சூடுதான் 43. கிண்ணமும் ஈஸ்ட்டும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொண்டால் நாற்பதில் வந்து நிற்கும்.

இனி பேக்கரிக்காரர் கதை. 1970களில் ஐரோப்பாவில் உலர்த்தும் முறையே மாறியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஈஸ்ட் நிறுவனமும் பிரான்சின் லெசாஃப்ரும் இதில் முன்னே நின்றன. லெசாஃப்ரின் இன்ஸ்டன்ட் 1973இல் வந்தது. ஈஸ்ட்டை மெல்லிய இழைகளாகப் பிழிந்து, கீழிருந்து காற்றை ஊதி அந்தரத்தில் மிதக்கவிட்டுச் சீக்கிரமாக உலர்த்திவிடுகிறார்கள். செத்த ஓடு அவ்வளவாகச் சேர்வதில்லை. கையில் கொட்டினால் பொடித்த சேமியா போல நுண்ணிய குச்சிகளாக இருக்கும். பொட்டலத்தின் பின்புறம் சோர்பிட்டான் மோனோஸ்டியரேட் என்று ஒரு பெயர் இருக்கும். தண்ணீர் ஏறும்போது ஒழுகலைக் குறைக்கச் சேர்ப்பது. உயிருள்ள செல்கள் அதிகம் என்பதால் ஆக்டிவ் டிரையில் முக்கால் பங்கு போட்டால் போதும். அங்கே 7 கிராம் என்றால் இங்கே 5 கிராம் அளவு. மாவோடு கலந்திருக்கும்போது ஈரம் மெதுவாகத்தான் ஈஸ்ட்டைச் சேரும் என்பதால் ஐஸ் தண்ணீரின் அடியும் குறைகிறது. அதற்காக இன்ஸ்டன்ட்டை நேராக ஐஸ் தண்ணீரில் கரைத்துவிடக் கூடாது. படலம் இதற்கும் அதே படலம்தான். இன்னொரு பலவீனமும் உண்டு. நுண்துளைகள் நிறைந்த பொடி என்பதால் காற்று சுலபமாக உள்ளே போகும். வெற்றிடப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிரில் வைப்பதுதான் வழி.

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியே ஒரு காலத்தில் அறிவியல் சண்டையாக இருந்தது. 1837ஐ ஒட்டி காஞ்ஞார்-லத்தூர், ஷ்வான், க்யூட்சிங் மூவரும் தனித்தனியாக அது உயிர்தான் என்றார்கள். பெரிய வேதியியலாளர்களான லீபிக்கும் வோலரும் 1839இல் பெயர் போடாமல் ஒரு நக்கல் கட்டுரை எழுதினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சாராய வாலை வடிவத்தில் குட்டிப் பிராணிகள் தெரிவதாகவும், அவை சர்க்கரையைத் தின்று சாராயமாகக் கழிப்பதாகவும் அதில் கேலி. பின்னால் பாஸ்டர் வந்து உயிர்க் கட்சியை ஜெயிக்க வைத்தார். இன்று பார்த்தால் கேலியில் பாதி உண்மை. கடைசியில் மாட்டிக்கொண்டது கேலி செய்தவர்கள்தான்.

அடுப்படிப் பரிசோதனை அதைவிட எளிது. 240 மில்லி பிடிக்கும் கண்ணாடி டம்ளரில் பாதி, அதாவது 120 மில்லி, 43 டிகிரித் தண்ணீர். ஒரு தேக்கரண்டி சர்க்கரை, 7 கிராம் ஈஸ்ட். கலக்கிவிட்டுத் தொடாமல் வைக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் உருண்டைகள் மேலே வரத் தொடங்கும். பத்து நிமிடத்தில் நுரை கோபுரமாகக் குவிந்து விளிம்புப் பக்கம் வந்துவிட வேண்டும். கலக்கியதில் எழுந்த பெரிய குமிழிகளை நம்ப வேண்டாம், அவை ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். பாதித் தூரம் ஏறி நின்றுவிட்டால் ஈஸ்ட் செத்துவிடவில்லை, கிழடாகிவிட்டது. ஒன்றரைப் பங்கு போட்டு, பொறுமையாகவும் இருக்கத் தயாரானால் ஓட்டலாம். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. சர்க்கரையை ஈஸ்ட் உடனே உடைத்துத் தின்றுவிடும். சர்க்கரை போடாத ரொட்டி மாவில் அது பெரும்பாலும் மால்ட்டோஸைத் தின்று பிழைக்க வேண்டும், அதற்குப் பழக நேரம் பிடிக்கும். டம்ளரில் அமர்க்களமாக நுரைத்தது மாவில் மந்தமாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்க இன்ஸ்டன்ட் பொட்டலங்கள் சிலவற்றில் 120 முதல் 130 பாரன்ஹீட் என்று இருக்கும், 49 முதல் 54 டிகிரி. அது ஈஸ்ட் கலந்த மாவில் ஊற்றும் தண்ணீருக்கு. குளிர்ந்த மாவு அந்தச் சூட்டை வாங்கித் தணித்துவிடும். அதே தண்ணீரை ஈஸ்ட் மீது நேராக ஊற்றினால் பெரும்பகுதி போய்விடும். 60 டிகிரியில் சில நிமிடம் போதும், ஒன்றும் மிஞ்சாது. நம் ஊரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. வெதுவெதுப்பு என்று கைக்குத் தோன்றுவது 37, 38தான். 43இல் விரல் வைத்தால் நல்ல சூடு, கொஞ்சம் சுள்ளென்றுகூட இருக்கும். ஆனாலும் விரலை எடுக்கத் தோன்றாது. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்குக் கணக்கு போதும். சென்னைக் குழாய்த் தண்ணீரை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பங்கு அது, ஒரு பங்கு கொதிக்கும் தண்ணீர், கலந்தால் 44. பாத்திரம் ஒரு டிகிரியை எடுத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி கலந்தால் 65, ஈஸ்ட்டுக்குச் சுடுகாடு. குழாய்த் தண்ணீர் 10 டிகிரியாக வரும் ஊரில் இதே நான்குக்கு ஒன்று 28தான் தரும்; அங்கே இரண்டுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகக் கலக்க வேண்டும்.

பேக்கரிக்காரரின் ஐஸ் தண்ணீருக்கும் கணக்கு இருக்கிறது. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருந்தால் நல்லது. மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறையின் 32ஐயும் மைதாவின் 32ஐயும் கழித்தால் தண்ணீருக்கு 14 மிஞ்சுகிறது. மெஷின் பிசையும் சூட்டையும் கழித்தால் இன்னும் கீழே. ஆக்டிவ் டிரைதான் கையில் இருக்கிறது, வெயிலும் இப்படி என்றால் தண்ணீரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அரைக் கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர் என்றால் 50 மில்லியை மட்டும் 43 டிகிரியாக்கி 7 கிராம் ஈஸ்ட்டை அதில் பத்து நிமிடம் ஊறவைப்பது. மீதி 250 மில்லி 10 டிகிரியில் ஃபிரிட்ஜிலிருந்து வரட்டும். இரண்டும் சேர்ந்து 15க்குச் சற்று மேலே வருகிறது, தேவைப்பட்ட 14க்குப் பக்கம்தான். ஊறிய ஈஸ்ட்டை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நேரே கொட்டாமல், முதலில் குளிர்ந்த தண்ணீரை மைதாவில் ஊற்றி ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, அதன் மேல் ஈஸ்ட்டை ஊற்றிப் பிசைய வேண்டும்.